விக்கிப்பீடியாவில் திருத்திய பிறகும் தெரிகிற பழைய வரி

விக்கிப்பீடியாவில் ஒரு வரியைத் திருத்திச் சேமித்துவிட்டால் பழைய வரி ஒழிந்தது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது ஒழிவதில்லை. பக்கத்தின் மேலே வரலாற்றைக் காட்டும் தாவல் ஒன்று இருக்கிறது. அதைச் சொடுக்கினால், அந்தப் பக்கம் பிறந்த நாளிலிருந்து யார், எந்த நிமிடத்தில், எதை மாற்றினார்கள் என்ற பட்டியல் வரிசையாக வரும். ஒவ்வொரு தேதியும் ஒரு இணைப்பு. எந்தத் தேதியைச் சொடுக்கினாலும் அன்றைக்கு அந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே முழுதாக விரியும். இதற்குக் கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். யாரும் பார்க்கலாம்.

இது கட்டுரைகளுக்கு மட்டும் உள்ள ஏற்பாடு அல்ல. பேச்சுப் பக்கத்தில் நீங்கள் இடும் கருத்து, உங்கள் பயனர் பக்கத்தில் உங்களைப் பற்றி எழுதிய அறிமுகம், ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் போட்ட ஒரு வரிக் கேள்வி, எல்லாவற்றுக்கும் இப்படித்தான். பேச்சுப் பக்கத்தில் கோபத்தில் ஒன்றை எழுதிவிட்டு ஐந்து நிமிடத்தில் திருத்தினால் அந்த ஐந்து நிமிடப் பதிப்பும் ஒரு தனி முகவரியோடு நிற்கும். முகவரி இப்படி இருக்கும்:

```
https://ta.wikipedia.org/w/index.php?oldid=பதிப்பு_எண்
```

அந்த எண் தெரிந்தால் போதும், பக்கத்தின் தலைப்புகூடத் தேவையில்லை. யாராவது இந்த இணைப்பை வாட்சப்பில் போட்டால் சொடுக்குகிற எல்லோருக்கும் பழைய பதிப்பு அப்படியே திறக்கும்.

பெரும்பாலான நேரத்தில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், இருக்கவே கூடாத ஒன்று உள்ளே வந்துவிடும்போது. ஒருவருடைய கைப்பேசி எண், வீட்டு முகவரி, பதினைந்து வயதுப் பிள்ளை தன் பயனர் பக்கத்தில் எழுதிய பள்ளி, வகுப்பு விவரம். இவற்றை எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாகப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை விரிவாக எழுத உட்கார்ந்தேன். எடுப்பது வேறு, மறைப்பது வேறு. இரண்டாவதற்கு வேறு ஆட்கள் வேண்டும், வேறு வழி வேண்டும். அதைக் கேட்கும் விதத்திலும் ஒரு கவனம் வேண்டும்.

முதலில், எதற்காக இப்படி எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால்தான் எதை நீக்கச் சம்மதிப்பார்கள், எதைச் சம்மதிக்க மாட்டார்கள் என்பதும் புரியும்.

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்று தொடங்கியபோது யூஸ்மாட்விக்கி என்ற எளிய மென்பொருளில் ஓடியது. அதில் பழைய பதிப்புகளைக் கொஞ்ச காலம்தான் வைத்திருப்பார்கள், பிறகு அவை தானாகக் கழிந்துவிடும். அதனால் முதல் மாதங்களில் யார் எதை எழுதினார்கள் என்ற தகவல் பெரும்பாலும் தொலைந்துவிட்டதாகவே பல ஆண்டுகள் நினைத்திருந்தார்கள். 2010 டிசம்பரில் டிம் ஸ்டார்லிங் என்ற நிரலாளர் பழைய கோப்புகளுக்கு நடுவே 2001ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களுக்கான காப்புப் பிரதியைக் கண்டெடுத்தார். விக்கிப்பீடியர்கள் அதைப் புதையலாகவே கொண்டாடினார்கள். பின்னால் வந்த மீடியாவிக்கி மென்பொருளில் எந்தப் பதிப்பும் தானாகக் கழிவதில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதில்தான் ஓடுகிறது.

இன்னொரு காரணம் உரிமம். விக்கிப்பீடியாவில் எழுதுகிற யாரும் தன் எழுத்தின் மீதான உரிமையை விட்டுக்கொடுப்பதில்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகிறார்கள், அவ்வளவுதான். எடுத்துப் பயன்படுத்துகிறவர் எழுதியவர் யார் என்று காட்ட வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. கட்டுரையின் அடியில் ஆசிரியர் பெயர் போடும் வழக்கம் அங்கே இல்லை. வரலாற்றுப் பட்டியல்தான் ஆசிரியர் பட்டியல். ஆகவே வரலாற்றை அப்படியே துடைத்தால் நாற்பது பேர் உழைத்த கட்டுரை ஆசிரியர் இல்லாத கட்டுரை ஆகிவிடும். அது உரிமத்தை மீறுவது. “மொத்த வரலாற்றையும் அழித்துவிடுங்கள்” என்று கேட்டால் யாரும் செய்துதராததற்கு இதுவே முதன்மையான காரணம். பெயர்களை விட்டுவைத்து, உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் மறைப்பதுதான் அங்கே உள்ள வழி.

இனி ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு நடந்து பார்ப்போம். ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றிய சிறு கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டுரை ஒழுங்காக இருக்கிறது. பத்தே காலுக்கு அந்த ஊர்க்காரர் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், தலைமை ஆசிரியரின் சொந்தக் கைப்பேசி எண்ணைச் சேர்க்கிறார். பதினொரு மணிக்கு வேறொருவர் வந்து ஒற்றுப்பிழைகளைத் திருத்துகிறார், எண்ணைக் கவனிக்கவில்லை. மதியம் மூன்று மணிக்கு ஒரு தானியங்கி வந்து பகுப்பு ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போகிறது. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு பயனர் எண்ணைப் பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறார். எடுத்தவர் தொகுப்புச் சுருக்கத்தில், எதை எடுத்தேன் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற நல்ல பழக்கத்தால், அந்த எண்ணையே எழுதி ‘நீக்கம்’ என்று குறிப்பிடுகிறார்.

இப்போது எண் எத்தனை இடத்தில் இருக்கிறது? ஊர்க்காரர் சேமித்த பதிப்பில் ஒன்று என்று மட்டும் நினைத்தால் தவறு. மீடியாவிக்கியில் ஒவ்வொரு பதிப்பும் அந்த நேரத்துப் பக்கத்தின் முழு உரை. ஆகவே ஒற்றுப்பிழை திருத்தியவரின் பதிப்பிலும் எண் இருக்கிறது, தானியங்கியின் பதிப்பிலும் இருக்கிறது. அவர்கள் அதைத் தொடவில்லை என்பதால்தான் இருக்கிறது. செவ்வாய் காலைப் பதிப்பின் உரையில் எண் இல்லை. ஆனால் அதன் சுருக்கத்தில் இருக்கிறது. சுருக்கம் என்பது வரலாற்றுப் பட்டியலிலேயே, எதையும் சொடுக்காமலே, கண்ணில் படுகிற வரி. அண்மைய மாற்றங்களிலும் அது தெரியும், அந்தப் பயனரின் பங்களிப்புப் பட்டியலிலும் தெரியும். எண்ணை எடுத்தவர் அதை முன்பைவிட வெளிச்சமான இடத்தில் வைத்துவிட்டார்.

அதனால் மறைக்க வேண்டியவை இவை: பத்தே கால், பதினொன்று, மூன்று மணிப் பதிப்புகளின் உரை. செவ்வாய் எட்டு மணிப் பதிப்பின் சுருக்கம். திங்கள் பத்து மணிப் பதிப்பை விட்டுவிடலாம், செவ்வாய்ப் பதிப்பின் உரையையும் விட்டுவிடலாம். இந்த எல்லையைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அவசரத்தில் வேலை செய்யும் நிர்வாகிகள்கூடச் சில நேரம் முதல் பதிப்பை மட்டும் மறைத்துவிட்டு, நடுவில் உள்ளவற்றை விட்டுவிடுவது உண்டு. அப்படி விட்டால் மறைத்ததற்குப் பயனே இல்லை. அடுத்த வரியைச் சொடுக்கினால் அதே எண் நிற்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்தில் இப்போது நடப்பில் இருக்கும் பதிப்பின் உரையை மறைக்க மென்பொருள் விடாது. எண் நடப்புப் பதிப்பில் இருக்கும்வரை நிர்வாகியாலும் மறைக்க முடியாது. ஆகவே முதலில் சாதாரணமாகத் திருத்தி எண்ணை எடுக்கத்தான் வேண்டும், பிறகுதான் மறைப்பு. எடுக்கும்போது சுருக்கத்தில் ‘சிறு திருத்தம்’ என்பதுபோல் ஒன்றும் காட்டிக்கொடுக்காத சொல்லைப் போட்டால் போதும். ‘தனிப்பட்ட தகவல் நீக்கம்’ என்று எழுதுவதைக்கூட நான் விரும்புவதில்லை. அண்மைய மாற்றங்களை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர். அந்தச் சொல்லைக் கண்டதும் என்ன தகவல் என்று முந்தைய பதிப்பைத் திறக்கத் தோன்றுவது இயல்பு. விக்கிமீடியாவின் மாற்றங்கள் எல்லாம் நேரடி ஓடையாகவும் வெளியே போய்க்கொண்டிருக்கின்றன. அந்த ஓடையில் சுருக்கமும் சேர்ந்தே போகும். அது யாரிடம் போய் எங்கே சேமிக்கப்பட்டது என்று பிறகு தேட முடியாது.

மறைக்கும் வசதி இரண்டு படிநிலையில் இருக்கிறது. முதல் படி நிர்வாகிகளின் கையில் உள்ளது. அவர்கள் வரலாற்றுப் பட்டியலில் பதிப்புகளைத் தேர்ந்து, உரை, தொகுப்புச் சுருக்கம், செய்தவரின் பெயர் ஆகிய மூன்றில் எதை வேண்டுமோ அதை மட்டும் மறைக்கலாம். நம் உதாரணத்தில் உரையும் ஒரு சுருக்கமும் போதும், பெயர்களைத் தொட வேண்டியதில்லை. மறைத்ததும் அந்த வரிகளின் தேதி சாம்பல் நிறத்தில் குறுக்குக் கோடு விழுந்து நிற்கும், சொடுக்கினால் திறக்காது. இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டைப் பார்க்கும் வசதியும், இரண்டில் ஒன்று மறைந்திருந்தால் வேலை செய்யாது. பக்கத்தின் அளவைக் காட்டும் எண் மட்டும் தெரிந்துகொண்டே இருக்கும். அதை வைத்து ஏதோ ஒரு சிறு வரி சேர்ந்து பின் போயிருக்கிறது என்று ஊகிக்கலாமே தவிர, என்ன வரி என்று தெரிந்துகொள்ள முடியாது.

இந்தக் கருவி வருவதற்கு முன்னால் நிர்வாகிகள் பட்ட பாடு பெரிது. ஒரு பதிப்பை மறைக்க வேண்டுமென்றால் பக்கத்தையே முழுதாக நீக்கிவிட்டு, பிறகு அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை மீட்டெடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான பதிப்புகள் உள்ள பக்கத்தில் இதைச் செய்தால் தளமே திணறும். மேலும் விடுபட்ட பதிப்பு பட்டியலிலிருந்தே காணாமல் போவதால், அதை எழுதியவரின் பெயரும் போய்விடும், அடுத்தவர் செய்யாத மாற்றம் அவர் கணக்கில் ஏறிவிடும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2010இல்தான் நிர்வாகிகளுக்கு இந்தப் பதிப்பு மறைப்புக் கருவி கிடைத்தது. கோடு விழுந்த வரி பட்டியலில் அப்படியே நிற்பதைப் பார்த்து, இதைக்கூட எடுக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வரி நிற்பதால்தான் மற்றவர்களின் பெயர் நேர்மையாக நிற்கிறது.

ஆனால் நிர்வாகி மறைத்ததை மற்ற நிர்வாகிகள் பார்க்கலாம். கைப்பேசி எண் போன்ற விஷயத்தில் அதுவும் கூடாது என்பதற்குத்தான் இரண்டாம் படி. அதைச் செய்பவர்களை மறைப்பாளர்கள் என்று சொல்லலாம். அவர்கள் மறைத்துவிட்டால் நிர்வாகிகளுக்கும் தெரியாது. அந்த மறைப்பைப் பற்றிய பதிவேடும் பொதுவில் இருக்காது. இந்த அதிகாரம் எளிதில் கிடைப்பதில்லை. ரகசியம் காப்பதாக விக்கிமீடியா நிறுவனத்தோடு உடன்பாட்டில் கையெழுத்திட வேண்டும். ஒரு விக்கியில் மறைப்பாளர் இருந்தால் குறைந்தது இருவராவது இருக்க வேண்டும், ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்க்க முடிய வேண்டும் என்பதற்காக. தேர்வு பெறவும் சுமார் 25, 30 பேரின் ஆதரவு தேவை. சிறிய விக்கிகளில் அத்தனை பேர் வாக்களிக்கச் சேர்வதே கடினம். அதனால் சொந்த மறைப்பாளர் இல்லாத விக்கிகளில் எல்லா விக்கிகளுக்கும் பொதுவான ஸ்டீவார்டுகள் அந்த வேலையைச் செய்துகொடுக்கிறார்கள்.

இப்போது கேட்கும் முறை. ஒரு வழியைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்: மின்னஞ்சல். ஆலமரத்தடியில் “இந்தப் பக்கத்தில் என் எண் இருக்கிறது, யாராவது மறைத்துத் தாருங்கள்” என்று எழுதக் கூடாது. அதைப் படிக்கும் ஐம்பது பேரும் போய்ப் பார்ப்பார்கள். நிர்வாகியின் பேச்சுப் பக்கத்தில் எழுதுவதும் அதே கதைதான், அதுவும் பொதுப் பக்கம், அதற்கும் வரலாறு உண்டு. அண்மையில் சுறுசுறுப்பாக இருக்கும் நிர்வாகி ஒருவரின் பயனர் பக்கத்துக்குப் போனால் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பும் இணைப்பு இருக்கும். `Special:EmailUser` என்ற சிறப்புப் பக்கத்தின் வழியாகவும் போகலாம். ஆங்கில விக்கியில் `Special:EmailUser/Oversight` என்று தட்டினால் மறைப்பாளர் குழுவுக்கே போய்ச் சேரும். மற்ற விக்கிகளுக்கு மெட்டா-விக்கியில் உள்ள `Oversight policy` பக்கத்தில் யாருக்கு எழுத வேண்டும் என்று இருக்கிறது.

மடலில் நீண்ட விளக்கம் வேண்டாம். எண் முதன்முதலில் நுழைந்த பதிப்பின் முகவரி, அது எடுக்கப்பட்ட பதிப்பின் முகவரி, இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லாவற்றின் உரையும் மறைய வேண்டும் என்ற வரி, சுருக்கத்திலும் இருந்தால் அதையும் சொல்லும் வரி. இவ்வளவு போதும். எண்ணையே மடலில் எழுத வேண்டாம். மறைப்பவருக்குப் பதிப்பின் முகவரிதான் வேண்டும்.

முதல் பதிப்பைக் கண்டுபிடிப்பது சின்னக் கட்டுரையில் எளிது. இருநூறு பதிப்புகள் உள்ள பக்கமென்றால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம். எண் எடுக்கப்பட்ட பதிப்புக்கு முந்தையவற்றில் நடுவில் ஒன்றைத் திறந்து பாருங்கள். அதில் எண் இருந்தால் அதற்கு முந்தைய பாதியில் தேட வேண்டும், இல்லையென்றால் பிந்தைய பாதியில். அந்தப் பாதியிலும் நடுவில் ஒன்று. இப்படி எட்டு முறை திறப்பதற்குள் இடம் தெரிந்துவிடும். எண் ஒருமுறை நுழைந்து, எடுக்கப்பட்டு, திரும்பவும் யாரோ சேர்த்திருந்தால் மட்டும் இந்த முறை ஏமாற்றும். அப்போது சந்தேகமான பகுதியை வரிசையாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு சொல் எப்போது சேர்ந்தது என்று தேடித்தரும் விக்கிபிளேம் என்ற கருவியும் இருக்கிறது. அதில் எண்ணை ஒட்டாதீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த ‘அலைபேசி’ போன்ற சொல்லைக் கொடுத்துத் தேடினாலே கிடைத்துவிடும்.

பேச்சுப் பக்கங்களில் இன்னொரு பொறி இருக்கிறது, இதில் அனுபவசாலிகளே தவறுவதுண்டு. பேச்சுப் பக்கம் நீண்டுவிட்டால் பழைய உரையாடல்களை வெட்டி ஒரு தொகுப்புப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள், பல இடங்களில் தானியங்கியே செய்துவிடும். எண் இருந்த உரையாடல் அப்படி நகர்ந்திருந்தால், பழைய பக்கத்தின் வரலாற்றிலும் எண் இருக்கும், தொகுப்புப் பக்கத்தின் நடப்பு உரையிலும் இருக்கும், அதன் வரலாற்றிலும் இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் மறைத்துவிட்டு நகர்ந்தால் மற்றது அப்படியே கிடக்கும். பதில் எழுதியவர் உங்கள் வரியை மேற்கோள் காட்டியிருக்கிறாரா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கைப்பேசி எண்ணுக்கு இணையாக வரும் இன்னொரு கோரிக்கை ஐபி முகவரி. கணக்கில் நுழைய மறந்து திருத்திவிட்டால், முன்பெல்லாம் பெயருக்குப் பதில் உங்கள் ஐபி முகவரி வரலாற்றில் பதிந்துவிடும். அடுத்த நிமிடம் கணக்கில் நுழைந்து “மேலே உள்ளது நான்தான்” என்று எழுதினால் அந்த முகவரியை உங்கள் பெயரோடு நீங்களே முடிந்துவைக்கிறீர்கள். அங்கே ஒன்றும் எழுதாமல் மடல் அனுப்பினால் பெயர் இடத்தில் உள்ள முகவரியை மட்டும் மறைத்துத் தருவார்கள். இப்போது விக்கிகளில் கணக்கில்லாமல் திருத்துபவருக்கு அலைகுறியில் தொடங்கும் தற்காலிகக் கணக்குப் பெயர் தரும் ஏற்பாடு வந்திருக்கிறது, புதிதாக ஐபி வெளியே தெரிவதில்லை. பழையவை பழையபடியே நிற்கின்றன.

தன் உண்மைப் பெயரில் கணக்கு தொடங்கி, பின்னால் வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். கணக்கின் பெயரை மாற்றித் தருவார்கள். மாற்றியதும் எல்லா வரலாற்றுப் பட்டியல்களிலும் புதிய பெயர் வந்துவிடும். அதில் மகிழ்ந்துவிட்டு விட்டுவிடக் கூடாது. பேச்சுப் பக்கங்களில் நான்கு அலைகுறி தட்டி இட்ட கையொப்பங்கள் சேமித்த அந்த நொடியிலேயே சாதாரண எழுத்தாக மாறிப் பக்க உரைக்குள் உட்கார்ந்துவிட்டவை. பெயர் மாற்றம் அவற்றைத் தொடாது. பெயர் மாற்றத்தைப் பற்றிய பதிவேடும் பொதுவில் இருக்கும், பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டிக்கொண்டு. எனவே பெயர் மாற்றம் என்பது புதியவர்களிடமிருந்து ஒதுங்க உதவும், தேடுகிறவரிடமிருந்து ஒளிய உதவாது.

எதை மறைக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய தவறான கருத்து, தோற்ற வாதம், இலக்கணப் பிழை, உங்கள் நிறுவனத்தைப் பற்றி மற்றவர் சேர்த்த, சான்றோடு உள்ள கசப்பான செய்தி, இவை எதுவும் மறைப்புக்குத் தகுதியானவை அல்ல. பேச்சுப் பக்கத்தில் யாராவது பதில் சொல்லிவிட்ட பிறகு உங்கள் வரியைச் சத்தமில்லாமல் மாற்றுவதைவிட, `<s>` என்றும் `</s>` என்றும் இரு பக்கமும் போட்டு அடித்துவிட்டுப் புதியதை எழுதுவதே அங்கே மரியாதை. அப்படி அடித்தால் பதில் சொன்னவரின் வரி அர்த்தமில்லாமல் தொங்காது. தனிப்பட்ட விவரம், அவதூறு, மிக மோசமான வசை, வேறிடத்திலிருந்து அப்படியே திருடி ஒட்டிய பதிப்புரிமை உள்ள எழுத்து, இவைதான் மறைக்கத் தகுந்தவை. இந்தக் கண்டிப்பு எனக்குச் சரியென்றே படுகிறது. ஒவ்வொருவருக்கும் தன் பழைய வரியை மறைக்கும் உரிமை இருந்தால், தேர்தல் நேரத்தில் யார் எந்தக் கட்டுரையில் எதைச் செருகினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும்.

மற்ற இடங்களில் இந்த வேலியை வேறு வேறு உயரத்தில் போட்டிருக்கிறார்கள். ஃபேஸ்புக்கில் திருத்திய பதிவைப் பார்க்க முடிகிறவர்கள் அதன் திருத்த வரலாற்றையும் பார்க்கலாம். அதில் ஒரு பதிப்பை மட்டும் தனியே எடுக்க வழியில்லை, பதிவையே அழித்துப் புதிதாகப் போட வேண்டும், விருப்பக்குறிகளும் பின்னூட்டங்களும் அதோடு போகும். கிட்ஹப்பில் நேர் எதிர். பின்னூட்டத்தின் மேலுள்ள `edited` என்பதைச் சொடுக்கி, பழைய பதிப்பைத் திறந்து, `Options` பட்டியலில் `Delete revision from history` என்பதை எழுதியவரே அழுத்தலாம், அந்தக் களஞ்சியத்தில் எழுதும் உரிமை உள்ளவர்களும் அழுத்தலாம். உள்ளடக்கம் போய்விடும், யார் எப்போது திருத்தினார்கள் என்ற தடம் மட்டும் மிஞ்சும். ஆனால் அங்கே தவறி ஒட்டியது கடவுச்சொல்லோ சாவியோ என்றால் வரலாற்றை நீக்குவதைவிட முதலில் அந்தச் சாவியையே செல்லாததாக்க வேண்டும். கைப்பேசி எண்ணை அப்படி எளிதில் மாற்றிக்கொள்ள முடியாது என்பதால்தான் விக்கியில் இவ்வளவு பாடு.

சத்தம் போட்டு நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2013இல் பிரான்சில் நடந்ததைச் சொல்லலாம். பியர்-சூர்-ஓத் என்ற மலையில் உள்ள இராணுவ வானொலி நிலையம் பற்றிய கட்டுரையை நீக்க வேண்டும் என்று அந்நாட்டு உளவுத்துறை கேட்டது. எந்த வரி ரகசியம் என்று சொல்லவில்லை, எனவே விக்கிமீடியா நிறுவனம் மறுத்தது. உளவுத்துறை பிரான்சில் இருந்த ஒரு தன்னார்வ நிர்வாகியை அழைத்து, நீக்காவிட்டால் காவலில் வைப்போம் என்று மிரட்டி நீக்க வைத்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த இன்னொருவர் அதை மீட்டெடுத்தார். அதுவரை யாரும் அதிகம் படிக்காத அந்தக் கட்டுரை அந்த வார இறுதியில் பிரெஞ்சு விக்கிப்பீடியாவிலேயே அதிகம் படிக்கப்பட்ட பக்கமானது. ஒரு நாட்டின் உளவுத்துறைக்கே இந்த நிலை என்றால், ஆலமரத்தடியில் கூவிக் கேட்கும் ஒரு தலைமை ஆசிரியரின் எண் என்ன ஆகும்?

மறைத்தாயிற்று என்று பதில் மடல் வந்ததும் நீங்களே சரிபார்க்க வேண்டும். கணக்கிலிருந்து வெளியேறி, அல்லது உலாவியின் தனிச் சாளரத்தில், வரலாற்றைத் திறந்து முன்பு குறித்துவைத்த முகவரிகள் ஒவ்வொன்றையும் சொடுக்குங்கள். நடுவில் உள்ளவற்றையும் விடாதீர்கள். எண்ணைச் சேர்த்தவரின் பங்களிப்புப் பட்டியலையும், எடுத்தவரின் பட்டியலையும் பாருங்கள், சுருக்கம் கோடு விழுந்திருக்கிறதா என்று. நிர்வாகி அளவிலான மறைப்பு என்றால் `Special:Log/delete` பதிவேட்டில் இத்தனை பதிப்புகளின் தோற்றம் மாற்றப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். அதில் உள்ள எண்ணிக்கை உங்கள் கணக்கோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் விடுபட்டது தெரிந்துவிடும்.

விக்கிக்கு வெளியே போனவை தனி. இதில் ஒரு ஆறுதல், பழைய பதிப்புகளின் பக்கங்களைத் தேடுபொறிகள் அட்டவணைப்படுத்த வேண்டாம் என்று விக்கிப்பீடியாவே குறித்துவைக்கிறது. ஆகவே கூகுளில் எண் தெரிந்தால் அது பெரும்பாலும் நடப்புப் பக்கமாக இருந்த நேரத்தில் எடுத்தது. நம் உதாரணத்தில் திங்கள் காலை முதல் செவ்வாய் காலை வரை, சுமார் இருபத்திரண்டு மணி நேரம். தேடல் முடிவில் பழைய துணுக்கு இன்னும் நின்றால், காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கக் கோரும் கூகுளின் படிவத்தில் பக்க முகவரியைக் கொடுக்கலாம். விக்கிமீடியா தன் தரவை அவ்வப்போது மொத்தமாகவும் வெளியிடுகிறது. மறைத்த பிறகு எடுக்கும் தொகுப்பில் அந்த உரை இருக்காது, ஆனால் மறைக்கும் முன்னால் வெளியான முழு வரலாற்றுத் தொகுப்பை யாராவது இறக்கியிருந்தால் அது அவர்களிடம் இருக்கும். அதனால்தான் இந்த மாதத் தொகுப்பு வெளியாவதற்குள் மறைத்துவிட்டால் நல்லது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம்.

இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் முகவரியை இட்டு, திங்கள், செவ்வாய்த் தேதிகளில் பிரதி எடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால் அவர்களுக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல், பிரதியின் முழு முகவரியோடும் நேரத்தோடும். விக்கிப்பீடியாவிலிருந்து படியெடுத்து வெளியிடும் வேறு தளங்களுக்கு அந்தந்தத் தளத்தின் தொடர்புப் பக்கம்தான் வழி. விக்கியின் மறைப்பாளர்களுக்கு அங்கே அதிகாரம் இல்லை.